தாளில் வெட்டுவதா, ஒளியில் மறைப்பதா?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பலருக்குத் தனியாக எடுத்த படமே கிடையாது. 1948இல் அவசரகாலம் வந்தபோது 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படத்தோடு பதிந்து அடையாள அட்டை வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சிறு படத்தை விட்டால், மிஞ்சுவது கல்யாணத்திலோ தோட்டக் கோயில் திருவிழாவிலோ எடுத்த கூட்டப்படம்தான். ஆள் தவறிய பின், அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் பிரித்து மாலை போட ஒரு படம் வேண்டும். பக்கத்தில் நிற்பவர்களை அகற்ற இரண்டு வழிகள் உண்டு. பிரிண்டைக் கட்டரால் வெட்டலாம். இருட்டறையில் என்லார்ஜரின் கீழே ஒளியை மறைக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: 6×9 செ.மீ. நெகடிவில் மூன்று வரிசையாக இருபது பேர். நமக்கு வேண்டியவர் இரண்டாம் வரிசையில் நிற்கிறார். நெகடிவில் அவர் முகம் 4 மி.மீ. உயரம். இரண்டரை மடங்கு பெரிதாக்கிய பிரிண்டில் அது 1 செ.மீ. வருகிறது.

கட்டருக்கு உழைப்பு குறைவு. இரும்பு அடிக்கோலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் படப்பக்கத்திலிருந்து ஒரே இழுப்பில் வெட்டினால் விளிம்பு சுத்தமாக இருக்கும். பிளேடு மழுங்கியிருந்தால் விளிம்பில் எமல்ஷன் பொடிப்பொடியாகப் பெயர்ந்து வெள்ளைப் புள்ளிகள் தெரியும். நம் ஊர் ஈரத்தில் தாள் முழுதாகக் காயும் முன் வெட்டினால் எமல்ஷன் கிழிந்து இழுபடும். ஆனால் எவ்வளவு திறமையாக வெட்டினாலும் முகம் அதே 1 செ.மீ.தான். நேர்க்கோடு இருவருக்கு இடையே நுழையாது. பக்கத்து ஆளின் தோளில் பாதி மிஞ்சியே தீரும்.

இருட்டறையில் கதை வேறு. அதே நெகடிவை ஆறு மடங்கு பெரிதாக்கினால் முகம் 24 மி.மீ. வரும், அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு அது போதும். ஒளி பரவும் பரப்பு கூடுவதால் நேரமும் கூடும். கூட்டப்படத்துக்கு 8 வினாடி போதுமானால், இதற்கு நான்கு மடங்கு, அதாவது 32 வினாடி வேண்டும். லென்ஸை ஒரு படி திறந்தால் 16 வினாடியில் முடியும்.

தாளில் ஒளி படாத இடம் வெள்ளையாகவே நிற்கும். ஆகவே பக்கத்து ஆளை அகற்ற, அவர் விழும் இடத்தில் 16 வினாடியும் ஒளி படக்கூடாது. டாட்ஜிங் என்று சிறு அட்டையைச் சில வினாடி மட்டும் ஆட்டினால் அவர் போகமாட்டார், வெளிறுவார். பாதி நேரம் மறைத்தால் சாம்பல் நிழலாக நிற்பார். முகத்தில் விழுந்த இருளைத் தணிக்கத்தான் டாட்ஜிங். ஆளை எடுக்க மாஸ்க் வேண்டும்.

மாஸ்க் செய்வதில்தான் கட்டருக்கு நல்ல வேலை இருக்கிறது. அதே அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டு, அதன் கோட்டை ஒட்டிக் கறுப்பு அட்டையில் தலையும் மார்பும் தெரியும்படி துளை வெட்ட வேண்டும். அட்டையைத் தாளுக்கு 3 செ.மீ. மேலே பிடித்து, நிறுத்தாமல் மெல்ல அசைக்க வேண்டும். மேலே பிடிக்கும்போது துளையின் வழியே விழும் ஒளி சற்று விரியும். அதனால் துளையைக் கோட்டுக்குச் சிறிது உள்ளடங்க வெட்டுவது நல்லது. சிவப்பு ஃபில்டரை லென்ஸின் கீழ் வைத்து இடம் பார்த்துக்கொள்ளலாம். அட்டை அசையாமல் நின்றால் உருவத்தைச் சுற்றிக் கத்தரித்தது போன்ற கடுங்கோடு வரும். அதிகம் ஆடினால் அழித்த தோள் மங்கலாகத் திரும்பி வரும்.

மாஸ்க்குக்கும் எல்லை உண்டு. பக்கத்து ஆளின் தோள் நம்மவர் காதை மறைத்திருந்தால், இல்லாத காதை ஒளி கொண்டுவராது. அங்கே தூரிகையால் திருத்துபவர்தான் வர வேண்டும். பெரிதாக்கும்போது நெகடிவின் மணிகளும் கூடவே பெரிதாகும்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, தவறினால் என்ன ஆகும் என்பது. மாஸ்க் பிசகினால் ஒரு தாள்தான் வீண். நெகடிவ் அப்படியே இருக்கிறது. கட்டர் பிசகினால் படமே போயிற்று. பல வீடுகளில் நெகடிவ் இல்லை, பழைய பிரிண்ட் ஒன்றுதான் இருக்கிறது. அப்போது அந்தப் பிரிண்டை மீண்டும் படமெடுத்து, புது நெகடிவில் மாஸ்க் போட வேண்டும். நிறத்தின் நயம் கொஞ்சம் குறையும், மூலம் பிழைக்கும்.

அந்த மூலம் பிழைப்பது முக்கியம். தோட்டக் கூட்டப்படங்களில் துரையும் கிராணிமாரும் நடுவில் நாற்காலியில் உட்கார, பால்மரத் தொழிலாளிகள் ஓரங்களில் நின்றிருப்பார்கள். ஓரத்தை வெட்டும் கை பெரும்பாலும் அவர்களைத்தான் வெட்டுகிறது. ஒரு குடும்பத்துக்கு வேண்டாத பகுதி, ரந்தாவிலோ பகாவிலோ இருக்கும் இன்னொரு குடும்பத்துக்குத் தாத்தாவின் ஒரே படமாக இருக்கலாம். வெட்டும்போது பின்பக்கத்துப் பெயர்களும் தேதியும் ஸ்டூடியோ முத்திரையும் சேர்ந்தே போகும்.

ஆகவே கட்டர் இரண்டு இடத்தில் இருக்கட்டும்: மாஸ்க் அட்டையில், புதிதாகப் போட்ட பிரிண்டின் ஓரத்தில். பழைய படத்தின் மேல் அது படவே வேண்டாம்.