மூன்று நிமிடத் தோடி

அஞ்செட்டி பக்கம் கல்யாணம் நிச்சயமானதும் மேளக்காரரைத் தேடுவது இப்போது போனில்தான். முப்பது விநாடி கிளிப் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து சேரும். கீழே போன் நம்பர், 'இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி' என்று செட்டின் விவரம், வாசிக்கப்போகும் பாட்டுகளின் பட்டியல். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஊர் என்பதால் பட்டியலிலும் மூன்று மொழிகள் இருக்கும். கர்நாடகத்துப் பக்கம் இதே கல்யாண மேளத்துக்கு 'வாலகா' என்று பெயர்.

துண்டைக் கேட்டு முழுசை வாங்கும் இந்தப் பழக்கம் போனோடு வந்ததல்ல. இசைத்தட்டோடு வந்தது.

தட்டுக்கு முன்னால் ஒரு நாயனக்காரருக்கு விளம்பரம் என்றால் கோயில் திருவிழாதான். ராத்திரி சுவாமி புறப்பாட்டில் நாலு வீதி சுற்றி வருவதற்குள் மணிக்கணக்காக வாசிப்பார். பக்கத்து ஊர்க்காரர்கள் கூடவே நடந்து கேட்பார்கள். நேரம் ஏற ஏற மூச்சு நிற்கிறதா, சீவாளி ஈரத்தில் தளர்ந்ததும் சுருதி இறங்குகிறதா, தவில்காரர் கடைசி வரை கை தளராமல் இருக்கிறாரா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடலாமா வேண்டாமா என்று அதை வைத்து முடிவு செய்யலாம்.

78 சுழற்சித் தட்டு இந்த வழக்கத்தை மாற்றியது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம், அவ்வளவுதான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வீதியில் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரிப்பவர் என்று பெயர் எடுத்தவர். அவருடைய தோடி தட்டாக வந்தபோது, அந்தத் தேரோட்டம் தட்டின் பக்கங்களுக்குள் அடங்க வேண்டியிருந்தது.

அடக்குவது என்றால் வேகமாக வாசிப்பது இல்லை. வீதியில் தோடியின் காந்தாரத்தை அசைத்துக்கொண்டே நெடுநேரம் கீழ் ஸ்தாயியில் நிற்கலாம். கூட்டம் காத்திருக்கும். தட்டில் முதல் பிடியிலேயே 'இது தோடி' என்று தெரிய வேண்டும். மேல் ஷட்ஜத்துக்குச் சீக்கிரம் ஏறியாக வேண்டும், தவிலுக்குத் தனியாக இடம் விடவும் நேரமில்லை. நாயனத்தில் சாவி கிடையாது. விரல்துளையைப் பாதி மூடியும், சீவாளியை உதட்டால் அழுத்தித் தளர்த்தியும்தான் அந்தக் காந்தார அசைவு வருகிறது. அந்த நுணுக்கம் மூன்று நிமிடத்திலும் கேட்கிறது. கேட்காதது ஒன்றுதான்: காலம். எத்தனை நேரம் அப்படி வாசிக்க முடியும் என்பதைத் தட்டு சொல்லாது.

அடுத்த மாற்றம் சினிமாவில் வந்தது. 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனமும் எஸ். ஜானகியின் குரலும் சேர்ந்து வந்த 'சிங்கார வேலனே தேவா' தமிழ்நாடு முழுக்கப் பரவியது. தட்டு ராகத்தைச் சுருக்கியது. சினிமாவோ வாசிப்பை ஒரு பாட்டாகவே ஆக்கிவிட்டது. இன்றும் கல்யாண மண்டபத்தில் 'அதை வாசிங்க' என்று கேட்பவர் உண்டு. வாசிப்பவர் ராகத்தைத் தேர்ந்தெடுத்த இடத்தில், கேட்பவர் பாட்டைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டார்.

இதில் பறிபோவது எது என்பது முகூர்த்தத்தில் தெரியும். மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்று, ஊஞ்சல் என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஐயர் மந்திரத்தை நீட்டினால் ராகத்தையும் நீட்ட வேண்டும். தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் கையைத் தூக்கினால், வாசித்துக்கொண்டிருப்பதை அந்த நொடியில் விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்குப் போக வேண்டும். பாட்டு பாட்டாக மட்டும் தெரிந்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். பாட்டு முடிந்துபோயிருக்கும், தாலி கட்டியிருக்க மாட்டார்கள். ராகம் தெரிந்தவருக்கோ எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம்.

போன் கிளிப்பில் இன்னொரு கோளாறும் உண்டு. தவில் ஓங்கி விழும்போது போன் தானாகவே ஒலியைக் குறைத்துவிடும், அடங்கியதும் கூட்டிவிடும். அதனால் நல்ல தவிலும் சாதாரணத் தவிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலக் கேட்கும். பின்னணியில் ஆள் பேச்சு திடீர் திடீரென்று பெரிதாகி அமுங்கினால் இதுதான் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே மேளம் பேசும்போது கேட்க வேண்டியது இன்னொரு கிளிப் அல்ல. வெட்டாமல் எடுத்த பத்து நிமிடம். கெட்டிமேளத்துக்கு முன்னால் என்ன வாசித்துக்கொண்டிருந்தார்கள், எப்படி அங்கே தாவினார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். கிளிப்பில் இருப்பவரே வருவாரா என்று கேட்டுவிட வேண்டும். விடிகாலை முகூர்த்தம் என்றால் அஞ்செட்டி மலைப்பாதையில் அன்றைக்கு வந்து சேர்வதை நம்ப முடியாது. முந்தின ராத்திரியே வந்து தங்க இடமும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும். ராத்திரி தூங்காதவர் மூச்சு காலையில் நிற்காது.