அடுக்கு அறிக்கையில் உபமொத்தமும் மொத்தத்தின் சதவீதமும்

பல அடுக்குகளாகப் பிரிந்த அறிக்கையில் உபமொத்தம் என்பது தனித் தரவு அன்று. அதன் கீழுள்ள விவர வரிகளைச் சேர்த்துக் காட்டும் வரி மட்டுமே. அதைத் தரவாகக் கருதி மீண்டும் கூட்டும்போது இரட்டைக் கணக்கு உண்டாகிறது.

புத்தளம் கரையோரத்தின் மீன்பிடிக் கணக்கில் இந்தச் சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. நிர்வாகப் பிரிப்பில் கற்பிட்டி முதல் வென்னப்புவ வரையான கரை முழுவதும் புத்தளம் மாவட்டத்துக்குள் அடங்கும். கடற்றொழில் திணைக்களமோ இதே கரையைப் புத்தளம், சிலாபம் என்ற இரு கடற்றொழில் மாவட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஆகவே 'புத்தளம்' என்ற பெயர் ஓரிடத்தில் முழுமையையும் இன்னோரிடத்தில் அதன் ஒரு பகுதியையும் குறிக்கிறது.

விளக்கத்துக்காக அமைத்த எண்களைக் கொண்டு இதைப் பார்க்கலாம். ஒரு நாளில் கற்பிட்டியில் சாளை 1,200 கிலோ, இறால் 300 கிலோ. கண்டக்குளியில் சாளை 1,900, கும்பளா 600. சிலாபத்தில் சாளை 3,500, இறால் 500. தொடுவாவையில் சாளை 1,500, கும்பளா 500 கிலோ என வைத்துக்கொள்வோம். துறைவாரி உபமொத்தங்கள் முறையே 1,500, 2,500, 4,000, 2,000. புத்தளம் கடற்றொழில் மாவட்டத்துக்கு 4,000, சிலாபத்துக்கு 6,000, முழு மொத்தம் 10,000 கிலோ.

முழு மொத்தம் தவிர இந்த வரிகள் எல்லாம் ஒரே நிரலில் இருக்க, அந்த நிரலை அப்படியே `SUM` கொண்டு கூட்டினால் 30,000 வரும். விவரம், துறை, மாவட்டம் ஆகிய மூன்று அடுக்குகளிலும் ஒவ்வொரு கிலோவும் ஒவ்வொரு முறை எண்ணப்படுவதே காரணம். அதை வகுத்தியாகக் கொண்டால் கற்பிட்டியின் பங்கு 15 சதவீதத்துக்குப் பதில் 5 ஆகக் குறைந்துவிடும். பெயர்க் குழப்பம் இதைவிட நுட்பமானது. நிர்வாக மாவட்டத்தின் 10,000 கிலோவையும் சிலாபத்தின் 6,000 கிலோவையும் அருகருகே வைத்துக் கூட்டினால் 16,000 வரும். சிலாபத்தின் பங்கு 60 சதவீதத்திலிருந்து 37.5 ஆக இறங்கும். இந்த எண் நம்பும்படியாகவே இருப்பதால் பிழை எளிதில் கண்ணில் படாது.

விரிதாளில் இதற்கான தீர்வு, எல்லா அடுக்குகளிலும் `SUBTOTAL` சார்பைப் பயன்படுத்துவது. தன் வீச்சுக்குள் வரும் பிற `SUBTOTAL` கலங்களை அது தானே விட்டுவிடும். விவரமும் உபமொத்தங்களும் C2 முதல் C15 வரை இருந்தால்:

```
C4   =SUBTOTAL(9,C2:C3)
C8   =SUBTOTAL(9,C2:C7)
C16  =SUBTOTAL(9,C2:C15)
D4   =C4/$C$16
```

இடையில் ஒரு துறையின் கூட்டுத்தொகை மட்டும் `SUM` ஆகவோ தட்டச்சிட்ட எண்ணாகவோ இருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். அந்தத் துறை இரண்டு முறை எண்ணப்படும். வடிகட்டியை இட்டாலும் `SUBTOTAL` கண்ணுக்குத் தெரியும் வரிகளையே கூட்டும். அப்போது இறாலை மட்டும் காட்டினால் D நிரலின் சதவீதம் மொத்த மீன் அளவில் அல்ல, மொத்த இறால் அளவில் கணக்காகும்.

வகுத்தி எது என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுவது அவசியம். கற்பிட்டியின் 300 கிலோ இறால் அத்துறையில் 20 சதவீதம், கடற்றொழில் மாவட்டத்தில் 7.5, முழு மொத்தத்தில் 3. மூன்றும் சரியே. சரிபார்க்க ஒரு வழி உண்டு: மாவட்டத்தின் பங்கு 40, மாவட்டத்துக்குள் துறையின் பங்கு 37.5, துறைக்குள் இறாலின் பங்கு 20 ஆகிய மூன்று சதவீதங்களையும் பெருக்கினால் அதே 3 சதவீதம் கிடைக்க வேண்டும். மொத்தத்தின் சதவீதங்களைக் கூட்டும்போதும் ஓர் அடுக்கை மட்டும் எடுக்க வேண்டும். கூட்டுத்தொகை 100 ஆகாவிட்டால் எங்கோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது, அல்லது இருமுறை வந்திருக்கிறது.

எடையைக் கூட்டுவது போலப் படகுகளின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. பருவத்துக்கும் கடலின் நிலைக்கும் ஏற்ப ஒரே படகு வெவ்வேறு துறைகளில் மீன் இறக்குவது இக்கரையில் வழக்கம். ஒரு மாதத்தில் கற்பிட்டியில் 12 படகுகளும் கண்டக்குளியில் 9 படகுகளும் பதிவாகி, அவற்றுள் 3 இரு துறைகளுக்கும் பொதுவானால், அவ்விரு துறைகளுக்குமான உபமொத்தம் 21 அல்ல, 18. இங்கே `SUBTOTAL` உதவாது. அது துறைகளின் எண்களைக் கூட்டுமே தவிர, ஒரே படகு இருமுறை வந்திருப்பதை அறியாது. ஒவ்வோர் அடுக்கிலும் விவரப் பதிவுகளுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு படகின் பதிவிலக்கத்தையும் ஒருமுறை மட்டுமே எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் துறைகளின் பங்குகள் 66.7, 50 என வந்து, கூட்டினால் 100-ஐத் தாண்டும். இங்கே அது பிழையன்று. ஆனால் அந்த நிரலின் அடியில் 100 என்று எழுதுவது பிழை.