காரை அழித்தாலும் நிழல் நிற்கும்

கள்ளக்குறிச்சியின் கடைத்தெரு ஒன்றை, மழை விட்டு வெயில் அடிக்கும் வேளையில் ஒருவர் ஒளிப்படம் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் நடுவே ஒரு கார் நிற்கிறது. அது இல்லாமல் தெரு மட்டும் தெரிய வேண்டும். காரை அழித்துவிடுவது எளிதுதானே என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் கார் படத்தில் மூன்று இடங்களில் பதிந்திருக்கிறது: தன் உருவமாக, தரையில் விழுந்த நிழலாக, ஈரச் சாலையில் தெரியும் தலைகீழ்ப் பிம்பமாக. இம்மூன்றையும் நீக்கும் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

தொடக்க காலத்தில் தெருவில் ஓடிய வண்டிகள் தாமாகவே மறைந்துபோயின. 1838இல் பாரிஸ் நகரத்துச் சாலை ஒன்றைத் தகர் என்பவர் படம் எடுத்தபோது, தகட்டின் மீது பல நிமிடங்கள் ஒளி விழ வேண்டியிருந்தது. விரைந்து சென்ற வண்டிகள் எவ்விடத்திலும் நிலைத்து நில்லாததால் அவை பதியவே இல்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள நின்ற ஒரு மனிதர் மட்டும் பதிந்தார். ஆகவே நிற்கும் பொருளைக் காலம் மறைக்காது. கைதான் மறைக்க வேண்டும்.

அந்தக் கைவேலை நம் நாட்டிலும் விரைவிலேயே தொடங்கிவிட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களையும் சேலம் மாவட்டத்து இராயக்கோட்டையையும் படம் எடுத்தார். அவர் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். அதில் வானம் பெரும்பாலும் வெறுமையாகவே பதியும். எனவே அவர் நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். மரத்தின் இலைகளையும் திருத்தினார். நெகட்டிவில் தீட்டிய கருமை, அச்சில் வெண்மையாகும். பிற்காலத்துத் திருத்துநர்களும் இந்த வழியையே கையாண்டனர்.

இது அரசியலுக்கும் பயன்பட்டது. 1937இல் மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுடன் நிக்கலாய் எஷோவ் நிற்கும் படம் எடுக்கப்பட்டது. எஷோவ் 1940இல் கொல்லப்பட்ட பின் வெளியான படத்தில் அவர் இல்லை. அவர் நின்ற இடத்தில் கால்வாயின் நீரைத் தீட்டிவிட்டார்கள். ஒரு மனிதர் இருந்ததற்கான சான்றையே அழிக்க முடியும் என்பதால், அழித்ததைக் கண்டறியும் அறிவும் நமக்குத் தேவையாகிறது.

இனி நம் தெருவுக்கு வருவோம். காரின் உயரம் 1.5 மீட்டர் என்றும், கதிரவன் 45 பாகை உயரத்தில் இருக்கிறது என்றும் கொள்வோம். அப்போது காரின் உச்சியின் நிழல் அதன் நேர்கீழிடத்திலிருந்து 1.5 மீட்டர் தொலைவில், கதிரவனுக்கு எதிர்ப்பக்கம் விழும். பிம்பம் அப்படியல்ல. கதிரவன் எங்கிருந்தாலும் அது படத்தில் சக்கரங்களுக்கு நேர் கீழேயே, நம்மை நோக்கி நீளும். மேகம் மூடிய நாளில் நிழல் மங்கிவிடும், பிம்பம் இருக்கும்.

நிழல் என்பது கருப்பு வண்ணமன்று. அவ்விடத்தில் வெயில் தடைபட்டிருக்கிறது. வானத்தின் நீலநிற ஒளி மட்டும் விழுகிறது. சாலையின் சரளைக் கற்களெல்லாம் அதற்குள் இன்னும் பதிந்தே உள்ளன. ஆகவே அதை வெட்டி எறிய வேண்டியதில்லை, பெருக்கினால் போதும். எடுத்துக்காட்டாக, காய்ந்த சாலையில் வெயில்பட்ட இடத்தில் சிவப்பு ஒளி 100, நீலம் 90 அலகுகள். நிழலில் சிவப்பு 16, நீலம் 20 அலகுகள் என்க. சிவப்பை 6.25ஆலும், நீலத்தை 4.5ஆலும் பெருக்க வேண்டும். இரண்டையும் 6.25ஆல் பெருக்கினால் நீலம் 125 ஆகி, சாலையில் ஒரு நீலத் திட்டு தோன்றும். பெருக்கும்போது படத்தின் இரைச்சல் புள்ளிகளும் பெருகும். ஓரிடம் மட்டும் மணல் தூவியதுபோலத் தெரிந்தால் ஐயப்படுங்கள். அங்கே ஒரு வேப்பமரத்தின் நிழலும் சேர்ந்து விழுந்திருந்தால் அந்தப் பகுதியைப் பெருக்கவே கூடாது. கார் போனாலும் மரம் வெயிலை மறைத்துக்கொண்டுதானே இருக்கும்?

பிம்பத்தின் கணக்கு வேறு. ஈரச் சாலையிலிருந்து வரும் ஒளி, சாலையின் சொந்த ஒளியும் கண்ணாடிபோல் திருப்பிய ஒளியும் சேர்ந்த கூட்டல். ஆகவே இங்கே காரின் பங்கைக் கழித்து, கார் இல்லாவிட்டால் அங்கே என்ன தெரியுமோ அதைக் கூட்ட வேண்டும். காருக்குப் பின்னால் கடைச்சுவர் இருந்தால் அந்தச் சுவரின் தலைகீழ் உருவம் வரும். இதில் பலர் தவறுவது, காரின் சக்கரங்கள் தரையைத் தொடும் கோட்டிலேயே படத்தைக் கவிழ்த்துவிடுவதுதான். சுவர் தரையைத் தொடும் கோடே அதன் பிம்பம் தொடங்கும் இடம். நிழலும் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் முதலில் கழிக்க வேண்டும், பிறகே பெருக்க வேண்டும். முறை மாறினால் கார் பளபளப்பாகத் திரும்பி வரும்.

கணிப்பொறி வந்தபோது, இந்த வேறுபாடு முதலில் கவனிக்கப்படவில்லை. 2000இல் பெர்ட்டால்மியோ முதலிய நால்வர், பழைய ஓவியங்களைச் செப்பனிடுவோரின் முறையைப் பின்பற்றி, வெட்டிய இடத்தின் விளிம்புக் கோடுகளை உள்ளே நீட்டி நிரப்பினர். 2003இல் கிரிமினிசியும் தோழர்களும், படத்தின் வேறு பகுதியிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து ஒட்டும் வரிசையை வகுத்தனர். இவை எல்லாமே நாம் குறித்துக் காட்டிய ஓட்டையை மட்டும் நிரப்பின. காரை மட்டும் குறித்தால், விளிம்பில் மிஞ்சிய நிழலையே மூலப்பொருளாக எடுத்து உள்ளேயும் பரப்பிவிடும்!

2024இல் கூகுள் ஆய்வாளர்கள் வேறு வழியைக் கண்டனர். பொருள் உள்ள காட்சியை ஒரு படமும், கேமராவையும் ஒளியையும் மாற்றாமல் பொருளை எடுத்துவிட்டு மறுபடமும் எடுத்தனர். இத்தகைய சுமார் 2,500 இணைகளைக் காட்டிக் கணிப்பொறியைப் பழக்கியதும், அது பொருளோடு நிழலையும் பிம்பத்தையும் சேர்த்தே நீக்கக் கற்றது. ஒரு பொருள் போனால் சுற்றிலும் என்ன மாறும் என்பதை இணைப்படங்களே கற்பித்தன.

இனி ஒரு தெருப் படத்தில் ஏதோ நீக்கப்பட்டிருக்கிறதோ என்று ஐயம் எழுந்தால், வெற்றிடத்தைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். மற்றப் பொருள்களின் நிழல் செல்லும் திசையில் உரிமையாளர் இல்லாத நிழல் உண்டா? ஈரத்தில் சுவரின் பிம்பம் சுவரடியில் தொடங்குகிறதா? இவை பொருந்தாவிட்டால் கை பட்டிருக்கலாம். இவை எல்லாம் பொருந்தினாலும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நிழலுக்குள் இருந்த சாலை படத்தில் பதிந்திருந்தது. அதை மீட்க முடியும். காருக்குப் பின்னால் இருந்த சுவரின் ஒளி கேமராவை அடையவே இல்லை. அங்கே இப்போது தெரியும் சுவர், எவ்வளவு இயல்பாக இருந்தாலும், ஊகமே.