சீழை இறக்கிய பாட்டில் பிறந்த கதை

முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1917-18 குளிர்காலத்தில், அமெரிக்க ராணுவ முகாம்களில் இளம் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக நிமோனியாவில் விழுந்தார்கள். பலருக்கு நுரையீரலைச் சுற்றியுள்ள உறைகளுக்கு நடுவே சீழ் சேர்ந்தது. அதுதான் எம்பயீமா. சீழ் இருந்தால் கீறி வெளியேற்ற வேண்டும் என்பது அறுவை மருத்துவத்தின் பழைய விதி. அதன்படி விலா எலும்பை வெட்டி நெஞ்சைத் திறந்தார்கள். சராசரியாக நூற்றுக்கு முப்பது பேர் இறந்தார்கள். சில முகாம்களில் சாவு இன்னும் அதிகம்.

காரணத்தைக் கண்டறிய அமைத்த குழுவில் எவார்ட்ஸ் கிரகாம் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். நோயின் தொடக்க நாட்களில் அந்தத் திரவம் இன்னும் நீர்த்தே இருக்கிறது, நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளவில்லை என்பதை அவரும் அவருடைய குழுவினரும் கண்டார்கள். அப்போது நெஞ்சைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து நுரையீரல் சுருங்கும். இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவிலுள்ள தடுப்பு அசையக்கூடியது என்பதால் மறுபக்க நுரையீரலும் நெருக்கப்படும். ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கும் நோயாளி அதைத் தாங்க மாட்டார். சீழை எடுக்க வேண்டும், ஆனால் காற்றை உள்ளே விடக்கூடாது என்பது அவர்கள் வந்த முடிவு. அதைப் பின்பற்றிய இடங்களில் சாவு நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இறங்கியது.

காற்றை விடாமல் சீழை எடுக்கும் கருவி அதற்கு முன்பே பிறந்திருந்தது. ஹாம்பர்க் மருத்துவர் கொத்தார்ட் பூலாவ் 1870-களில் விலா இடுக்கு வழியாக ஒரு ரப்பர் குழாயைச் செலுத்தி, மறுமுனையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தார். மூச்சு விடும்போதும் இருமும்போதும் சீழ் வெளியேறும். இழுக்கும்போது குழாயில் ஏறுவது தண்ணீர்தான், காற்று அல்ல. இன்று நோயாளியின் கட்டிலுக்குக் கீழே இருக்கும் பாட்டில் அதன் வாரிசு. குழாயின் நீர்மட்டம் மூச்சோடு ஏறி இறங்கினால் வழி திறந்திருக்கிறது. அது அசையாமல் நிற்கிறது, காய்ச்சலும் தொடர்கிறது என்றால் முதலில் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

1940-களில் பெனிசிலின் வந்த பிறகும் இந்தக் குழாய் ஓய்வு பெறவில்லை. சீழுக்குள் ரத்த நாளம் இல்லை. அங்கே அமிலம் மிகுந்து, ஆக்சிஜன் குறைந்திருக்கும். பல ஆன்டிபயாடிக்குகள் கிருமி பெருகும்போதுதான் அதைக் கொல்லும். சீழிலோ கிருமிகள் மெதுவாகத்தான் பெருகுகின்றன. ஜென்டாமைசின் வகை மருந்துகள் அந்தச் சூழலில் பெரிதும் செயலிழந்துவிடும். ஆகவே மருந்து மட்டும் போதாது. குழாய் மட்டும் வைத்தாலும் போதாது. உறையில் படிந்த ஃபைப்ரின் திரைகளிலும் அடியிலுள்ள நுரையீரலிலும் இருக்கும் கிருமிகளைக் குழாய் எட்டாது. அவற்றை மருந்துதான் வாரக்கணக்கில் தீர்க்க வேண்டும்.

நுரையீரல் திசுவுக்குள்ளேயே உருவாகும் சீழ்க்கட்டிக்குப் பெரும்பாலும் குழாய் தேவைப்படுவதில்லை. அது மூச்சுக்குழாயில் உடைந்து, சளியாக வெளியேறி, தானே வடிகிறது. பெரும்பாலானவை மருந்திலேயே ஆறிவிடும். கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ, மருந்துக்கு இறங்காவிட்டாலோதான் குழாய். கட்டியைத் துளைத்தால் சீழ் உறைக்குள் பரவலாம், மூச்சுக்குழாய்க்கும் உறைக்கும் இடையே ஓட்டை விழலாம் என்பதே அந்தத் தயக்கத்துக்குக் காரணம்.

மருந்தை எப்போது நிறுத்துவது? நிமோனியாவுக்கு மருந்து எடுத்தும் காய்ச்சல் விடாத ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஊசியில் கெட்டிச் சீழ் வருகிறது, குழாய் வைக்கிறார்கள். முதல் நாள் 700 மில்லி இறங்குகிறது, மூன்றாம் நாள் அநேகமாக ஒன்றுமில்லை. ஆனால் காய்ச்சல் நிற்கவில்லை. இதைக் குணம் என்று எண்ணி மருந்தை மட்டும் மாற்றுவது தவறு. சி.டி. எடுத்தால் திரைகள் சீழை அறை அறையாகப் பிரித்திருப்பது தெரிகிறது. திரையையும் சீழின் கெட்டியையும் கரைக்கும் இரண்டு மருந்துகளைக் குழாய் வழியே மூன்று நாள் செலுத்துகிறார்கள். சீழ் மறுபடி இறங்குகிறது, காய்ச்சல் விடுகிறது. அதிலும் வடியாவிட்டால் கேமரா வழி அறுவை.

சீழ் நன்றாக வடிந்த நாளிலிருந்துதான் மருந்துக் காலத்தை எண்ண வேண்டும். வடிவது நாளுக்கு 100 மில்லிக்கும் குறைந்து, நுரையீரல் விரிந்ததும் குழாயை எடுக்கலாம். காய்ச்சல் விட்டு, சாப்பாடு இறங்கினால் ஊசி மருந்து மாத்திரையாகும். மொத்தம் மூன்று, நான்கு வாரம் வழக்கம்; கட்டிக்கு ஆறு வாரத்தையும் தாண்டலாம். இந்தக் கணக்குகள் பெரும்பாலும் அனுபவத்தில் வந்தவை, உறுதியான ஒப்பீட்டு ஆய்வுகள் குறைவு. அதனால் நாட்காட்டியைவிட நோயாளியையே பார்க்க வேண்டும்: காய்ச்சல் இல்லை, எடை ஏறுகிறது, சி.ஆர்.பி. இறங்கிவிட்டது, எக்ஸ்ரேயில் உள்ளே தேங்கிய சீழ் இல்லை.

உறையின் தடிப்பு எக்ஸ்ரேயில் மாதக்கணக்கில் தெரியும். மற்ற அறிகுறிகள் எல்லாம் சரியாக இருந்தால், அதற்காக மருந்தை நீட்ட வேண்டியதில்லை. கட்டியில் குழி மூடும் வரை, அல்லது மாறாத சிறு தழும்பாகும் வரை தொடர வேண்டும். நிறுத்திய சில வாரங்களில் இன்னொரு எக்ஸ்ரே எடுப்பது அவசியம். காய்ச்சல் திரும்பினால் புது மருந்து தேடுவதற்கு முன்னால், எங்காவது சீழ் வடியாமல் மிச்சமிருக்கிறதா என்று தேட வேண்டும்.