பெல்ட்டின் இழுப்பும் தண்டின் விட்டமும்: அனுமதிக்கத்தக்க சறுக்குத் தகைவு முறையில் ஒரு மறுபார்வை

புல்லி பொருத்திய தண்டுக்கு விட்டம் கணக்கிடும்போது, கடத்த வேண்டிய திறனையும் சுழற்சி வேகத்தையும் எடுத்துக்கொண்டு முறுக்கைக் கண்டுபிடிப்பது வழக்கம். வளைவு பெரும்பாலும் அதற்குப் பின் சேர்க்கப்படும் ஒரு திருத்தமாகவே கருதப்படுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். புல்லி பேரிங்குக்கு வெளியே தொங்கும் அமைப்பில் விட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வளைவுதான். அந்த வளைவோ சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே, புல்லியை எங்கே மாட்டுவது, பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்ற முடிவுகளில் நிர்ணயமாகிவிடுகிறது.

எடுத்துக்காட்டு

இரண்டு பேரிங்குகளில் தாங்கப்பட்ட ஓர் அரவை இயந்திரத் தண்டைக் கொள்வோம். திறன் 7.5 கிலோவாட், வேகம் நிமிடத்துக்கு 480 சுற்று. 400 மி.மீ. விட்டமுள்ள புல்லி, பக்கத்துப் பேரிங்கின் மையத்திலிருந்து 200 மி.மீ. வெளியே தொங்குகிறது. பெல்ட் தட்டையானது, கிடையாக ஓடுகிறது. புல்லியின் எடை 250 நியூட்டன். தண்டு சாதாரண மென்எஃகு.

முறுக்கு 149 நியூட்டன் மீட்டர். புல்லியின் ஆரம் 0.2 மீட்டர் என்பதால், பெல்ட்டின் இறுக்கப் பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் உள்ள இழுவிசை வேறுபாடு 746 நியூட்டன். தண்டைச் சுழற்றுவது இந்த வேறுபாடு. தண்டை வளைப்பதோ இரண்டின் கூட்டுத்தொகை. பெல்ட்டின் இரு கிளைகளும் தண்டை ஒரே திசையில்தான் இழுக்கின்றன. இழுவிசை விகிதம் 2.5 எனக் கொண்டால் இறுக்கப் பக்கம் 1243, தளர்ந்த பக்கம் 497, கூட்டுத்தொகை ஏறக்குறைய 1740 நியூட்டன்.

புல்லியின் எடை இதற்குச் செங்குத்தாகச் செயல்படுவதால் தொகுவிசை 1759 நியூட்டனாக மட்டுமே உயர்கிறது. எடையின் பங்கு சுமார் ஒரு சதவீதம். பெல்ட் நேர் கீழே இழுக்கும் அமைப்பாக இருந்தால் எடை முழுவதும் நேரடியாகக் கூடும். ஆகவே பெல்ட்டின் திசை தெரியாமல் எடையைச் சேர்ப்பதோ விடுவதோ கூடாது.

பேரிங் மையத்தில் வளைவுத் திருப்புத்திறன் 1759 × 0.2, அதாவது 352 நியூட்டன் மீட்டர். முறுக்கைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இரண்டையும் சேர்க்கும் முறை

மென்எஃகு போன்ற நீள்தன்மையுள்ள உலோகம் சறுக்கினாலேயே இளகத் தொடங்குகிறது. ட்ரெஸ்கா 1860களில் முன்வைத்து, கெஸ்ட் 1900இல் சோதனைகளால் வலியுறுத்திய இக்கருத்தின்படி, தண்டின் புறப்பரப்பில் வளைவுத் தகைவையும் முறுக்குத் தகைவையும் சேர்த்துப் பெரும சறுக்குத் தகைவைக் காண்கிறோம். கிடைப்பது:

T_e = √[(K_m·M)² + (K_t·T)²]

d³ = 16·T_e / (π·τ)

K_m, K_t என்பவை அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1927இல் வெளியிட்ட தண்டு விதிகளிலிருந்து வந்த அதிர்ச்சி, களைப்புக் காரணிகள். நிலையான சுமையில் சுழலும் தண்டுக்கு K_m = 1.5, K_t = 1. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. முறுக்கு ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. பெல்ட்டின் இழுப்போ திசை மாறாதிருக்க, தண்டு அதற்குள் சுழல்கிறது. அதனால் புறப்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றில் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுக்கப்படுகிறது. 480 சுற்று வேகத்தில் எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு நாளுக்கு 2,30,400 தலைகீழ் மாற்றங்கள். ஒரு வாரத்துக்குள் பத்து லட்சம் தாண்டிவிடும்.

நம் தண்டுக்கு T_e = √(528² + 149²), சுமார் 548 நியூட்டன் மீட்டர்.

எந்தத் தகைவு, எந்த இடத்தில்?

அதே விதிகள் வணிக எஃகுத் தண்டுக்குக் கீவே இல்லாத இடத்தில் 55 மெகாபாஸ்கலும், கீவே வெட்டிய இடத்தில் அதில் கால்பங்கு குறைத்து ஏறக்குறைய 42 மெகாபாஸ்கலும் அனுமதித்தன. தண்டில் எங்கோ ஒரு கீவே இருக்கிறது என்பதற்காகத் தண்டு முழுவதற்கும் 42ஐ எடுத்துக்கொள்வது பரவலான பழக்கம். அப்படிச் செய்தால் 40.5 மி.மீ. கிடைக்கும், சந்தையில் கிடைக்கும் அளவுக்கு ஏற்றினால் 45 மி.மீ. ஆகும்.

ஆனால் வளைவு உச்சத்தில் இருப்பது பேரிங் மையத்தில். அங்கே கீவே இல்லை. 55 மெகாபாஸ்கலை வைத்தால் 37 மி.மீ. போதும். கீவே இருப்பது புல்லிக்கு அடியில். கீயின் உள்முனை புல்லி மையத்திலிருந்து 40 மி.மீ. தள்ளி முடிவதாகக் கொண்டால் அங்கே வளைவு 70 நியூட்டன் மீட்டர்தான். 42 மெகாபாஸ்கல் வைத்தும் தேவை 28 மி.மீ. எனவே தண்டு 40 மி.மீ.; அதற்கான பிளம்மர் பிளாக் UCP 208. இரண்டு இடங்களையும் தனித்தனியே சோதித்ததால் ஓர் அளவு மிச்சமாகிறது.

இந்த மிச்சத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. பட்டறையில் புல்லியை முன்பின் நகர்த்த வசதியாக, கீவேயைப் பேரிங் வரை நீளமாக ஓடவிடுவது உண்டு. அப்போது கீவேயும் வளைவின் உச்சமும் ஒரே இடத்தில் சேர்கின்றன, 40 மி.மீ. தண்டில் தகைவு 43.6 மெகாபாஸ்கல், அனுமதியோ 42. அங்கே 45 மி.மீ. தண்டே சரி. கீவேயின் நீளத்தை வரைபடத்தில் குறிக்காமல் விட்டமும் முடிவாவதில்லை.

பிழை எங்கே நேர்கிறது?

முறுக்கை மட்டும் பார்த்து, 42 மெகாபாஸ்கல் வைத்துக் கணக்கிட்டால் 26 மி.மீ. வரும். கூட்டுத்தொகைக்குப் பதில் வேறுபாட்டையே வளைக்கும் விசையாகக் கொண்டு 55 வைத்தால் 29 வரும், 30 மி.மீ. தண்டு வாங்கப்படும். அதன் உண்மைத் தகைவு 103 மெகாபாஸ்கல், அனுமதித்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பொருத்திய அன்று அது முறியாது. சில காலம் ஒழுங்காகவே ஓடும். பிறகு பேரிங்கின் வெளி விளிம்பருகே முறியும். முறிந்த முகம் அச்சுக்குச் செங்குத்தாகத் தட்டையாக இருக்கும். ஓரத்திலிருந்து பரவிய சிப்பி வரிகளும், கடைசியில் அறுந்த சொரசொரப்பான பகுதியும் தெரியும். இந்த அடையாளம் கண்டால் மோட்டாரையோ அதிகச் சுமையையோ குறை சொல்வதற்கு முன் வளைவுக் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும்.

சரியாகக் கணக்கிட்ட தண்டுக்கும் ஒரு பகை உண்டு. பெல்ட் வழுக்குகிறது என்று இறுக்கி, கூட்டு இழுவிசையை ஒன்றரை மடங்காக்கினால், 40 மி.மீ. தண்டின் தகைவு 64 மெகாபாஸ்கலுக்கு ஏறுகிறது. கடத்தும் திறன் ஒரு வாட்கூடக் கூடவில்லை. இயந்திரம் சுமையின்றி ஓடும்போதும் இந்த வளைவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். மோட்டாரின் ஆம்பியரைப் பார்த்து அதை அறிய வழியில்லை.

முறையின் எல்லை

படி வைத்துக் கடைந்த தோள்களில் குவியும் தகைவையும் மேற்பரப்பின் நயத்தையும் இந்த முறை தனியே எண்ணுவதில்லை. களைப்பு முழுவதையும் ஒரே காரணிக்குள் அடக்கிவிடுகிறது. பேரிங்கை ஒட்டிக் கூர்மையான படி இருந்தால் களைப்பு வலிமைக் கணக்கு தனியே வேண்டும். ஒரே விட்டமுள்ள, மிதமான வேகத் தண்டுக்கு இந்த முறையே போதும்.

எல்லாவற்றையும்விட மலிவான தீர்வு விட்டத்தில் இல்லை. இதே புல்லியைப் பேரிங் மையத்திலிருந்து 120 மி.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் தேவை 37இலிருந்து 32 மி.மீ.க்கு இறங்குகிறது, 35 மி.மீ. தண்டே தாராளம். எனவே வடிவமைப்பாளர் முதலில் தொங்குநீளத்தைக் குறைக்கட்டும். அடுத்துக் கூட்டு இழுவிசையை நிர்ணயிக்கட்டும். விட்டத்தைக் கடைசியில் கணக்கிடட்டும்.