கடனாளியின் கடிதமும் காலவரைச் சட்டமும்

சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தாரின் கிட்டங்கிகள் நடந்த நாளில், கடன் கொடுத்தவர் பேரேட்டோடு கடனாளியின் கடிதங்களையும் பத்திரமாக வைத்திருப்பது முறையாகும். அதற்குக் காரணம் காலவரைச் சட்டம். குறித்த காலத்துக்குள் வழக்கிடாவிட்டால் கடனை நீதிமன்றம் வாங்கித் தராது. ஆனால் கடனாளி தாம் கடன்பட்டிருப்பதை எழுதிக் கையொப்பமிட்டால், காலம் அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும்.

இந்திய மாதிரியை ஒட்டி 1896-இல் இங்கு வந்த சட்டத்திலும் இவ்விதி உண்டு. 1959-இல் அதனிடத்தில் வந்து இன்றும் நடப்பிலிருக்கும் சட்டத்திலும் உண்டு. இப்போது ஒப்பந்தக் கடனுக்குக் காலம் ஆறாண்டு.

சிராங்கூன் சாலைக் கடைக்காரர் ஒருவர் 5,000 வெள்ளியை 2015 மார்ச் முதல் தேதி திருப்பித் தரவேண்டும் என்று கொள்வோம். 2021 மார்ச்சோடு காலம் முடியும். ஆனால் 2019 ஜூனில், "வியாபாரம் மந்தம், பாக்கியைத் தீபாவளிக்குப் பின் தருகிறேன்" என்று எழுதிக் கையொப்பமிட்டார். தவணை கேட்டதாகவே அவர் நினைத்திருப்பார். சட்டமோ அதைக் கடனின் ஒப்புதலாகக் கொண்டு 2025 ஜூன் வரை காலம் நீட்டும். இதையே வாயால் சொல்லியிருந்தால் நீட்டாது.

ஆகவே வழக்கறிஞர்கள், "வருந்துகிறேன்", "தருகிறேன்" என்பவற்றை விலக்கி, நடந்ததை மட்டும் எழுதச் சொல்வர். இன்ன தேதியில் இவ்வளவு பெறப்பட்டது, இவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதோடு நிறுத்த வேண்டும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. மணிராம் சேட், சேட் ரூப்சந்த் வழக்கில் 1906-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. கடன்பட்டவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் வேறொரு நடவடிக்கையில் அளித்த பதிலில், இறந்தவரோடு ஐந்தாண்டாகத் தமக்கு நடப்புக் கணக்கு இருந்தது என்று மட்டுமே சொல்லியிருந்தார். கடன் என்று ஒப்பவில்லை. ஆனால் தீராத கணக்கு உண்டு என்பவர், பாக்கி தம்மேல் நின்றால் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்கிறார் என்று கவுன்சில் கருதியது. அக்காலத்தில் சிங்கப்பூர் வழக்குகளுக்கும் அதுவே முடிவான மன்றம்.

எனவே, "5,000 பெற்றேன், 2,000 கொடுத்தேன்" என்று எழுதினால், மீதி 3,000 என்பதை வாசிப்பவர் கழித்துக் கொள்வார். கடன் தீர்ந்தது என்று கருதுபவர் அதையும், வழக்குள்ளது என்றால் எந்தத் தொகை, ஏன் என்பதையும் உடன் எழுதவேண்டும். முன்பிருந்து தீர்ந்துபோன கடனைக் குறிப்பிடுவது ஒப்புதலாகாது. இன்று நிற்கும் கடனைச் சொல்வதே ஒப்புதல்.

எழுத்தால் தடுக்க முடியாத ஒன்றும் உண்டு. அந்த 2,000 வெள்ளியை 2016-இல் கட்டியிருந்தால், கட்டிய செயலே காலத்தை 2022-க்குத் தள்ளிவிடும். பிறகு எழுதும் கடிதம் எவ்வளவு எச்சரிக்கையாக இருப்பினும் அதை மாற்றாது.