ஒரே ரூமில் 12 பேர்.. ஆனாலும் தனிமை ஏன்? சிங்கப்பூர் டார்மிட்டரியும் இரண்டரை மணி நேர இடைவெளியும்

சிங்கப்பூரில் கட்டடம், கப்பல் பட்டறை வேலைக்குப் போகும் தமிழர்கள் பலர் தங்குவது டார்மிட்டரியில். இரண்டடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை, பொதுச் சமையலறை. புதிதாகக் கட்டப்படும் டார்மிட்டரிகளில் ஒரு அறைக்கு அதிகபட்சம் 12 பேர்தான் என 2021-ல் அந்நாட்டு அரசு அறிவித்தது. பழைய கட்டடங்களில் அதைவிட நெரிசல்.

இவ்வளவு பேர் இருந்தும் தனிமையா? ஆமாம். பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கும்போது மனைவியிடம் மனம் விட்டுப் பேச முடியாது, அழவும் முடியாது.

பலரும் கவனிக்காத இன்னொரு காரணம், கடிகாரம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. புதுக்கோட்டையில் இருந்து போன ஒரு கட்டடத் தொழிலாளியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வேலை முடிந்து, குளியலுக்கு வரிசையில் நின்று, சாப்பிட்டு அவர் போனை எடுக்கும்போது இரவு 9.30. ஊரில் 7 மணி. மனைவி அடுப்படியில், பிள்ளை வீட்டுப்பாடத்தில். "அப்புறம் பேசுறேங்க" என்று வைத்துவிடுவார். மனைவி ஓய்வாக உட்காரும் 9.30-க்கு இங்கே நள்ளிரவு 12. இவரோ காலை 5 மணிக்கு எழுந்து லாரி பிடிக்க வேண்டும். கடைசியில் பேச்சு, "பணம் வந்துச்சா?" என்பதோடு முடிகிறது. யார் மீதும் தப்பில்லை, ஆனால் இருவருக்கும் மனவருத்தம்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கு. மதிய சாப்பாட்டு நேரத்தில் பேசுங்கள். அங்கே 12 மணி என்றால் ஊரில் காலை 9.30; பிள்ளைகள் பள்ளிக்குப் போய், வீடு அமைதியாக இருக்கும். சைட்டில் ஓரமாக உட்கார்ந்து 10 நிமிடம் பேசினாலும் ரூம்மேட் காது கேட்காது. பிள்ளைக்கு இரவே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டால், காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் கேட்கும். பணப் பேச்சை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற நாளில் மாடு கன்னு போட்டதா, மழை பெய்ததா என்று கேட்கலாம். கேட்க அற்பமாகத் தோன்றும், ஊரோடு ஒட்டவைப்பது அதுதான்.

சாப்பாடும் முக்கியம். கேட்டரிங் பொட்டலம் விடியற்காலையிலேயே வந்துவிடும், மதியத்துக்குள் ஆறிப்போகும். வாரத்தில் ஒரு நாளாவது நாலைந்து பேர் காசு போட்டு மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டால், ஆளுக்கொரு போனில் மூழ்கும் ரூமில் பேச்சு வரும். ஞாயிறு லீவு கிடைத்தால் தூங்கியே கழிக்காமல் லிட்டில் இந்தியா பக்கம் போய் ஊர்க்காரர்களைப் பாருங்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வீட்டு அழைப்பையே எடுக்கப் பிடிக்கவில்லை என்றால் அது வெறும் ஊர் ஞாபகம் இல்லை. கிரேன், சாரம் அருகே வேலை செய்பவருக்குத் தூக்கமின்மையே ஆபத்து. அங்கே வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக 'ஹெல்த்சர்வ்' என்ற தொண்டு அமைப்பு மனநல ஆலோசனை தருகிறது. ஊரில் இருக்கும் குடும்பத்தாரும் கலங்கிப்போயிருந்தால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.